ஜன்னலோரம் ஒரு வற்றல் குழம்பு

வீட்டுச் சமையலில் படம் எடுக்க மிகவும் சிரமம் தருவது வற்றல் குழம்புதான். நிறம் கறுப்பை ஒட்டிய பழுப்பு. மேலே நல்லெண்ணெய் மிதக்கும், சுண்டைக்காய் உள்ளே முங்கிக் கிடக்கும். சமையலறை டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு, கிண்ணத்துக்கு நேர் மேலே கைபேசியை நீட்டி எடுத்தால் கிடைப்பது ஒரு கறுப்பு வட்டம். அதன் நடுவில் டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு, ஓரத்தில் எடுத்தவரின் கை நிழல். இது வற்றல் குழம்பா, மிளகுக் குழம்பா, புளிக்காய்ச்சலா என்று சமைத்தவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஓட்டல் விளம்பரத்துக்கு எடுக்கும் படம் நாக்கில் எச்சில் ஊறவைத்தால் போதும். குடும்பத்துச் சமையல் குறிப்புகளைத் தொகுக்கும்போது சேர்க்கும் படத்துக்கு வேறு வேலை இருக்கிறது. ‘குழம்பு சுண்டி எண்ணெய் பிரிந்ததும் இறக்கவும்’ என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடலாம். எவ்வளவு சுண்ட வேண்டும்? எண்ணெய் ஓரத்தில் மணிமணியாக நின்றால் போதுமா, மேலே முழுக்கப் படர வேண்டுமா? முதல் முறை சமைக்கும் பேரனுக்கோ, வேற்றூரில் குடியேறிய மகளுக்கோ இந்த இடத்தில்தான் கை தயங்கும். எழுத்து கைவிடுகிற அந்த இடத்தில் படம் பதில் சொல்ல வேண்டும். குறிப்புத் தொகுப்பில் படம் காட்ட வேண்டியது பதத்தை. பதத்தைக் காட்டுவது பக்கவாட்டில் இருந்து வரும் வெளிச்சம். அதற்கு விலை உயர்ந்த விளக்கோ பெரிய கேமராவோ தேவையில்லை. ஒரு ஜன்னல் போதும்.

காரணம் எளிமையானது. சுண்ணாம்பு அடித்த சுவர் நடுப்பகலில் சமதளமாகத் தெரியும். சாயங்கால வெயில் அதன்மேல் சாய்வாகத் தடவிப் போகும்போதுதான் கொத்தனார் விட்ட மேடு பள்ளம் அத்தனையும் வெளியே வரும். உணவின் மேற்பரப்பும் அப்படித்தான். கேமரா இருக்கும் திசையிலிருந்தே வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு பொருளின் நிழலும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். பருப்புப் பொரியலும் தேங்காய்த் துருவலும் தட்டையாகிவிடும். கைபேசியின் பிளாஷ் செய்வது இதைத்தான். தலைக்கு நேர் மேலிருந்து டியூப்லைட் விழுந்தால் நிழல்கள் பொருளுக்கு அடியில் சுருங்கிவிடும். பக்கத்திலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ வரும் வெளிச்சம் மேட்டின் ஒரு பக்கத்தைத் தொட்டு, மறுபக்கத்தில் நிழல் விடும். அடையின் சொரசொரப்பும், இட்லியின் துளைகளும், குழம்பில் மிதக்கும் எண்ணெயும் அந்த நிழலால்தான் கண்ணுக்குப் புலப்படுகின்றன.

ஓவியர்கள் இதை முன்பே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் யோஹனஸ் வெர்மீர் 1658ஆம் ஆண்டையொட்டி வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. ஒரு பணிப்பெண் பால் ஊற்றிக்கொண்டு நிற்கிறாள். இடப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல். மேசைமேல் இருக்கும் ரொட்டியின் மேலோட்டை வெர்மீர் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகளாகத் தீட்டியிருப்பார். அந்த ரொட்டி மொறுமொறுவென்று இருக்கும் என்று பார்த்த கணத்தில் தெரிந்துவிடும். உணவைப் படம் எடுக்க விரும்புகிறவர்கள் அந்த ஓவியத்தின் நகலை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டு ஜன்னலருகே போகலாம்.

எந்த ஜன்னல்? பொதுவாக வடக்கு பார்த்த ஜன்னல் என்பார்கள். நேரடி வெயில் படாததால் நாள் முழுக்க ஒரே மாதிரியான மென்மையான வெளிச்சம் வரும் என்பது கணக்கு. ஐரோப்பாவுக்கு அது பெரும்பாலும் பொருந்தும், நமக்கு ஆண்டு முழுக்கப் பொருந்தாது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு மேலிருந்து சற்று வடக்கே தள்ளித்தான் நிற்கும். தெற்கே போகப் போக இந்தக் காலம் இன்னும் நீளும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலுக்குள்கூடச் சாய்வாக வெயில் நுழையும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்கு ஜன்னலில் பகல் முழுக்க வெயில், வடக்கு ஜன்னலில் இதமான வெளிச்சம். ஆகவே திசையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, சமைக்கும் நாளில் எந்த ஜன்னலில் வானம் தெரிகிறது, ஆனால் வெயில் விழவில்லை என்று பார்ப்பதே மேல். அது கூடத்து ஜன்னலாகவோ, திறந்து வைத்த வாசல் கதவாகவோகூட இருக்கலாம். பழைய வீட்டுத் தாழ்வாரமும் முற்றத்து ஓரமும் இதற்கு மிக நல்ல இடங்கள்.

வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு டம்ளரை ஜன்னலோரம் வைத்து அதன் நிழலைப் பாருங்கள். நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருந்தால் வெளிச்சம் கடினமானது. குழம்பின் எண்ணெய் கண்ணைக் கூசும் வெள்ளைப் பொட்டுகளாகும், நிழல் விழுந்த பக்கம் கறுத்துப் போகும். விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால் அதுதான் நமக்கு வேண்டிய வெளிச்சம்.

கடினமாக இருந்தால் ஒரு வெள்ளைப் பருத்தி வேட்டி போதும். துவைத்துத் துவைத்து மெலிந்த நாலு முழ வேட்டியை ஒற்றை மடிப்பில் ஜன்னல் முழுக்கத் தொங்கவிட வேண்டும். கரை மட்டும் வெளிச்சம் வரும் வழியில் குறுக்கிடக் கூடாது. வெயில் துணியில் பட்டுச் சிதறும்போது, துணி முழுவதும் ஒரு பெரிய விளக்காக மாறிவிடுகிறது. வெளிச்சம் வரும் பரப்பு பொருளைவிடப் பெரிதாக இருந்தால் நிழல் மென்மையாகும் என்பதே இதன் அடிப்படை. நம் வீடுகளில் வேட்டிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஜன்னல் கம்பிகள் வெயிலில் கோடு கோடாக நிழல் விழுத்தும். வெயில் இல்லாவிட்டாலும் எண்ணெய்ப் பரப்பு கண்ணாடிபோல அந்தக் கம்பிகளைப் பிரதிபலிக்கும். வேட்டியைக் கட்டினால் கம்பிகள் மறைந்து, எண்ணெயில் சுத்தமான வெள்ளை மினுமினுப்பு மட்டும் நிற்கும்.

ஜன்னலைத் தயார் செய்த பிறகு அறையின் மற்ற விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சம் நீலத்தின் பக்கம் சாய்ந்தது, மஞ்சள் எல்.இ.டி. பல்பு செம்மஞ்சளின் பக்கம். கைபேசி இரண்டில் ஒன்றைத்தான் வெள்ளையாக எடுத்துக்கொள்ளும். மற்றதன் சாயல் தட்டின் ஒரு பக்கத்தில் படிந்துவிடும். சோற்றின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் வருவது இதனால்தான். விளக்கை அணைத்தும் சோறு லேசாகப் பச்சையடித்தால் சுவரைப் பாருங்கள். கிளிப்பச்சை, ரோஸ் என்று வண்ணம் பூசிய சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அந்தச் சாயலையும் கூட்டிவரும். சுவருக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைச் சார்ட் தாளை நிறுத்தினால் சரியாகிவிடும்.

அந்தச் சார்ட் தாள்தான் இந்த வேலைக்கு வேண்டிய இரண்டாவது கருவி. ஜன்னல் இடப்பக்கம் இருந்தால் தட்டின் வலப்பக்கம் இருண்டிருக்கும். அந்தப் பக்கம் சார்ட் தாளையோ தெர்மகோல் பலகையையோ ஓர் அடி தள்ளி நிறுத்தினால், ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழலை இளக்கும். கிட்டே நகர்த்தினால் நிழல் குறையும், தள்ளினால் கூடும். நிழலை முழுக்க ஒழித்துவிட்டால் திரும்பவும் தட்டையான படம்தான். சுண்டைக்காயின் நிழல் பக்கத்திலும் அதன் சுருக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் அது நிழல் என்பதும் தெரிய வேண்டும். அந்த அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

இனி குழம்புக்கு வருவோம். வற்றல் குழம்புக் குறிப்புக்கு எனக்கு மூன்று படங்கள் முக்கியம் என்று படுகிறது. சுண்டைக்காய் வற்றல் வறுபட்டு நிற்கும் நிறம் ஒன்று. குழம்பு இறக்கத் தயாரான நிலை இன்னொன்று. பரிமாறிய தட்டு மூன்றாவது. முதல் இரண்டு இல்லாமல் மூன்றாவதை மட்டும் வைத்திருக்கும் தொகுப்பு அழகாக இருக்கலாம், சமைக்க உதவாது.

வற்றல் நல்லெண்ணெயில் பொரியும்போது உப்பி, சாம்பல் கலந்த பழுப்பிலிருந்து ஆழ்ந்த பழுப்புக்கு மாறும். அதைத் தாண்டிக் கறுத்துவிட்டால் குழம்பு முழுக்கக் கசக்கும். படத்தில் பிடிக்க வேண்டியது கறுப்பதற்குச் சற்று முன் இருக்கும் அந்த நிறத்தை. அடுப்பு ஜன்னலுக்கு அருகில் இருந்தால் நல்லது. பெரும்பாலும் இருக்காது. அடுப்பை அணைத்துவிட்டு, பொரிந்த வற்றலில் கொஞ்சத்தைக் கரண்டியில் அரித்து, ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டு ஜன்னலோரம் கொண்டுபோகலாம். இரும்புச் சட்டியிலேயே எடுத்தால் சட்டியின் கறுப்பில் வற்றலின் நிறம் முங்கிவிடும், வெள்ளைத் தட்டில் தெளிவாகப் பேசும். பக்கத்தில் வறுக்காத வற்றல் நாலைந்தையும் வைத்துவிட்டால் ஒரே படத்தில் முன்னும் பின்னும் தெரிந்துவிடும். சட்டியில் மீதி இருக்கும் வற்றல் சூட்டிலேயே மேலும் கறுக்கும் என்பதால் அதையும் உடனே எடுத்துவைத்துவிட வேண்டும்.

இரண்டாவது படம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். புளித்தண்ணீரும் பொடியும் கொதித்து, பச்சை வாசனை போய், ஓரங்களில் எண்ணெய் மணிமணியாகக் கிளம்பும். இந்த நிலையில் சட்டியை இறக்கி, ஜன்னல் சட்டிக்குப் பின்பக்கமாகச் சற்று இடப்புறம் இருக்கும்படி வைக்க வேண்டும். கடிகார முகத்தில் நாம் ஆறு மணியில் நிற்கிறோம் என்றால் ஜன்னல் பத்து மணியில். இப்படிப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் எண்ணெயில் பட்டு நம்மை நோக்கித் தெறிக்கும். தண்ணீராக நிற்கும் இடமும் எண்ணெய் மிதக்கும் இடமும் வேறு வேறாகத் தெரியும். கைபேசியைச் சாய்வாக, சாப்பிட உட்கார்ந்தவர் இலையைப் பார்க்கும் கோணத்தில் பிடிக்கலாம். வெள்ளை மினுமினுப்பு குழம்பு முழுவதையும் மூடிவிட்டால் கைபேசியை மெதுவாக உயர்த்திப் பாருங்கள், அல்லது தாழ்த்திப் பாருங்கள். கண்ணாடியில் பிம்பம் நகர்வதைப் போலவே அந்த வெளிச்சத் துண்டும் நகரும். அது சட்டியின் அந்தப் பக்க ஓரத்தில் ஒரு பட்டையாக ஒதுங்கி, முன்பக்கத்தில் குழம்பின் உண்மையான நிறம் தெரியும்போது எடுங்கள்.

இங்கேதான் கைபேசி ஒரு தவறு செய்யும். எதைக் காட்டினாலும் சராசரியான ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர அது முயலும். கறுத்த குழம்பைக் காட்டினால் ‘இருட்டாக இருக்கிறது’ என்று எண்ணி வெளுக்க வைக்கும். குழம்பு சாம்பல் பூத்தாற்போல வரும், பார்ப்பவர் இன்னும் நீர்த்திருக்கிறது என்று நினைப்பார். திரையில் குழம்பின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு நிலைத்துவிடும். ஐபோனில் AE/AF LOCK என்று எழுத்து வரும். மற்ற கைபேசிகள் பலவற்றிலும் ஒரு பூட்டுச் சின்னமோ சூரியச் சின்னமோ தெரியும். பிறகு விரலைக் கீழே இழுத்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குழம்பு கறுக்கும்வரை குறைக்க வேண்டும். இட்லிக்கும் தயிர்சாதத்துக்கும் இதற்கு நேர்மாறு. வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும், விரலை மேலே இழுக்க வேண்டும். ஆனால் இட்லியின் துளைகள் மறைந்து வெறும் வெள்ளையாகும்வரை இழுத்துவிடக் கூடாது.

சில கைபேசிகளில் உணவுக்கென்றே ஒரு படமுறை இருக்கிறது. சிவப்பையும் மஞ்சளையும் தூக்கிக் காட்டும். குறிப்புத் தொகுப்புக்கு அதை அணைத்தே வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மிளகாய்த்தூள் எவ்வளவு என்று எழுதியதைப் படிப்பவர் படத்தின் சிவப்போடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார். நிறம் இங்கே அலங்காரமல்ல, அளவு. அதேபோலப் பொருளுக்கு மிக அருகில் கைபேசியைக் கொண்டுபோனால் முன்னால் இருப்பது பெருத்துப் பின்னால் இருப்பது சுருங்கும். வட்டச் சட்டி முட்டை வடிவமாகும். சில கைபேசிகள் கிட்டே போனதும் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும். இரண்டடி பின்வாங்கி, 2x என்பதைத் தொட்டு எடுத்தால் சட்டி சட்டியாகவே இருக்கும்.

படம் தேறியதா என்று கண்டுபிடிக்க நல்ல வழி, சமைத்தவரிடமே காட்டுவது. எதுவும் சொல்லாமல் படத்தை மட்டும் நீட்டி, ‘இதை இறக்கலாமா?’ என்று கேட்க வேண்டும். கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தையிடம் ஒரு படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

“இது இன்னும் ஆகலைம்மா. நடுவுல தண்ணி தனியா ஓடுது பாரு. எண்ணெய் ஓரத்துக்கு வந்து நிக்கணும்.”

“அப்ப இது, அத்தை?”

“இது சரி. இதுக்கு மேல ஒரு கொதி விட்டா இறுகிடும். ஆறினா இன்னும் கெட்டியாகும்ல?”

சுவைக்காமல், முகராமல், படத்தை மட்டும் பார்த்து அவர் சொன்னது அது. தண்ணீர் தனியாக ஓடிய அந்தப் படத்தையும் நான் தொகுப்பில் சேர்த்திருக்கிறேன். ‘இன்னும் கொதிக்க வேண்டும்’ என்று அதன் கீழே எழுதினால் அதுவும் ஒரு பாடம். ஆறினால் கெட்டியாகும் என்ற அவருடைய வாக்கியம் எழுதி வைத்த குறிப்பில் இல்லை. படத்தைக் காட்டிக் கேட்டதால் அது வெளியே வந்தது.

பதத்தைப் பிடிப்பதில் வெளிச்சத்தின் திசை எவ்வளவு முக்கியம் என்பதை அதிரசப் பாகு இன்னும் துலக்கமாகக் காட்டும். வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டிப் பார்க்கும்போது அது கரையாமல் மெத்தென்று உருள வேண்டும். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஜன்னல் பின்னால் இருக்க, விரல்களுக்கு நடுவே அந்த உருண்டையைப் பிடித்தபடி எடுத்தால் போதும். அது எந்த அளவு நெகிழ்கிறது என்பது விரல் பதிந்த குழியிலேயே தெரியும். ஒரு கம்பிப் பாகுக்குப் பின்னணி இருண்டதாக இருக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இழுபடும் மெல்லிய இழை, பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் ஒளிர்ந்து நிற்கும். முன்னாலிருந்து பட்டால் கண்ணுக்கே தெரியாது. இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கை பாகில் இருக்கும்.

மூன்றாவது படம், பரிமாறிய தட்டு. நம் வீடுகளில் தட்டு என்றால் எவர்சில்வர். பளபளப்பான எவர்சில்வர் ஜன்னலையும், கைபேசியையும், எடுப்பவரின் சட்டையையும் சேர்த்துப் படத்தில் கொண்டுவந்துவிடும். உலோகத்தின் பளபளப்பை எந்த லென்ஸ் வடிகட்டியாலும் சரிவர நீக்க முடியாது. தட்டை மாற்றுவதுதான் எளிது. பரணில் இருக்கும் கல்சட்டி, மண்சட்டி, மங்கிப்போன வெண்கலப் பாத்திரம், பழைய பீங்கான் தட்டு எல்லாமே வெளிச்சத்தை உறிஞ்சி உணவை முன்னே நிறுத்துபவை. எவர்சில்வரிலேயே சாப்பிட்ட குடும்பம், அதுதான் படத்தில் வேண்டும் என்றால் தட்டில் வாழையிலையை வட்டமாக நறுக்கி விரித்துவிடலாம். தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்த பழைய தட்டு புதியதைவிட நன்றாக வரும், கீறல்கள் பிரதிபலிப்பைக் கலைத்துவிடும்.

தட்டு சின்னதாக இருப்பது நல்லது. பெரிய சாப்பாட்டுத் தட்டில் ஒரு கரண்டி சோறு அநாதையாகத் தெரியும். ஏழு அங்குலத் தட்டில் அதே சோறு நிறைவாக இருக்கும். வற்றல் குழம்பையும் சோற்றையும் ஒரே படத்தில் காட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. சோற்றுக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்தால் குழம்பு தாராகிவிடும்; குழம்புக்கு ஏற்பக் கூட்டினால் சோறு பருக்கை தெரியாமல் வெளுத்துவிடும். ஜன்னலிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் குறையும் என்பதை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். குழம்புக் கிண்ணத்தை ஜன்னலுக்கு அருகிலும் சோற்றை அதற்கு அப்பாலும் வையுங்கள். கறுப்புக்கு அதிக வெளிச்சமும் வெள்ளைக்குக் குறைந்த வெளிச்சமும் கிடைத்து இரண்டும் ஒரே படத்தில் அடங்கும்.

கிண்ணத்தில் குழம்பை விளிம்பு வரை ஊற்றாமல் ஒரு விரல் இடம் விட வேண்டும். சுண்டைக்காய் நாலைந்தைக் கரண்டியால் மேலே எடுத்து வைக்கலாம். சிந்திய துளியை ஈரத்துணியால் துடைத்துவிடுவது நல்லது, படத்தில் அது கறையாகத்தான் தெரியும். பக்கத்தில் சுட்ட அப்பளம் ஒன்று. இவ்வளவு போதும். வண்ணத்துக்காகக் கொத்தமல்லித் தழை தூவ வேண்டாம். இதை நான் அழுத்தியே சொல்வேன். இந்தக் குழம்பில் கொத்தமல்லி கிடையாது என்றால் படத்திலும் இருக்கக் கூடாது. முப்பது வருடம் கழித்து இந்தப் பக்கத்தைப் பார்த்துச் சமைக்கிறவருக்கு, படத்தில் இருப்பதெல்லாம் குறிப்பில் இருப்பதுதான். அவர் தழையைத் தேடி வாங்கிப் போடுவார், வீட்டுக் குழம்பின் மணம் மாறிவிடும். பச்சை வேண்டுமென்றால் குறிப்பில் ஏற்கெனவே கறிவேப்பிலை இருக்கிறது. எடுக்கப்போகும் நேரத்தில் ஒரு கரண்டி நல்லெண்ணெயில் கறிவேப்பிலையையும் ஒரு மிளகாய் வற்றலையும் பொரித்து மேலே போட்டால் போதுமான நிறம் வந்துவிடும்.

கோணம் உணவுக்கு ஏற்ப மாறும். தோசை, ஊத்தப்பம், இலைச் சாப்பாடு போன்ற தட்டையானவற்றை நேர் மேலிருந்து எடுக்கலாம், ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். கிண்ணத்தில் இருப்பவற்றுக்குச் சாய்வுக் கோணம். அடுக்கிய அடை, இடியாப்பம், நுரை ததும்பும் காபி டம்ளர் ஆகியவற்றுக்குக் கண்மட்டம்.

நேரம் இந்த வேலையில் பெரிய எதிரி. தோசை சில நிமிடத்தில் துவளும், காபியின் நுரை அமுங்கும், இட்லியின் மேல்தோல் காய்ந்து மங்கும், குழம்பின் மேல் ஆடை படியும். ஆகவே உணவு வருவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். காலித் தட்டை வைத்து, அதில் சோற்றுக்குப் பதில் உரித்த வெங்காயத்தையும் குழம்புக்குப் பதில் ஒரு துண்டு புளியையும் வைத்து வெளிச்சத்தையும் கோணத்தையும் சரிசெய்துகொண்டால், உண்மையான தட்டு வந்ததும் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். சமைத்தவரும் ‘ஆறிப் போகுது’ என்று கோபித்துக்கொள்ள மாட்டார். இரவில் செய்த குழம்பை இரவிலேயே படம் எடுக்க முயல வேண்டியதில்லை. வற்றல் குழம்பு மறுநாள் இன்னும் நன்றாக ஊறி, எண்ணெய் மேலேறியிருக்கும். கொஞ்சம் எடுத்துவைத்துக் காலை ஒன்பது மணி வாக்கில் சுடவைத்து எடுக்கலாம். ஆனால் இறக்கும் பதத்தைக் காட்டும் படத்துக்கு இந்த வழி உதவாது. அதற்குப் பகலிலேயே சமைக்க வேண்டும்.

இன்னும் ஒரே ஒரு படம். பாட்டிகளின் குறிப்பில் ‘ஒரு டம்ளர் புளித்தண்ணீர்’, ‘அரை ஆழாக்கு பருப்பு’ என்றுதான் இருக்கும். அந்த டம்ளர் எந்த டம்ளர் என்பது அந்த வீட்டுக்கு மட்டுமே தெரியும், ஒருநாள் அது பழைய பாத்திரக்காரரிடம் போய்விடும். டம்ளர், ஆழாக்கு, பொடி எடுக்கும் சின்னக் கரண்டி மூன்றையும் வரிசையாக வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலைப் படுக்கவைத்து எடுங்கள். பிறகு டம்ளரில் வழக்கமாக ஊற்றும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, சமையலறைத் தராசில் தண்ணீரின் எடையை மட்டும் பாருங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லிலிட்டர் என்பதால் கிராம் எண்ணே டம்ளரின் கொள்ளளவு. அதைப் படத்தின் கீழே எழுதிவிட்டால் ‘ஒரு டம்ளர்’ எங்கே போனாலும் ஒரு டம்ளராகவே இருக்கும்.

படங்களை உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கி நுணுக்கம் போய்விடும். அங்கிருந்து எடுத்து அச்சடித்தால் எண்ணெய் மணிகள் கலங்கித் தெரியும். ஆவணமாக, அதாவது கோப்பாக இணைத்து அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும். அச்சுக்குக் கொடுக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கைபேசித் திரை தானே ஒளிர்வது, தாள் அப்படியல்ல. திரையில் சரியாகத் தெரிந்த வற்றல் குழம்பு தாளில் ஒரு படி கறுத்துத்தான் வரும். முழுத் தொகுப்பையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், மிகக் கறுத்த படம் ஒன்றையும் மிக வெளுத்த படம் ஒன்றையும் முதலில் நாலுக்கு ஆறு அங்குலத்தில் அச்சடித்து வாங்கி, அதே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குழம்பில் சுண்டைக்காய் தெரியவில்லை என்றால் அதன் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி மறுபடி ஒன்று அச்சடிக்கலாம். இரண்டும் தேறிய பிறகு மற்றவற்றைக் கொடுத்து, மினுமினுப்பில்லாத தாளில் அச்சிடச் சொல்லுங்கள். எண்ணெய்க் கையால் தொட்டாலும் விரல் ரேகை அதில் பளிச்சென்று தெரியாது.